இடித்ததால் சிதறியதா, இயல்பிலேயே விரிந்ததா?

கோபாலபுரத்தில் என் வீட்டு மாடியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் மாலையில் வந்து உட்காருவார்கள். எலக்ட்ரானை ஒரு சின்ன இடத்துக்குள் அடைத்தால் அதன் உந்தம் ஏன் விரிகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “பார்க்க ஒளி வேணும் சார், அந்த ஒளி எலக்ட்ரானை இடிச்சுத் தள்ளிடும்.” 1927இல் ஹைசன்பர்க் சொன்ன காமா கதிர் நுண்ணோக்கிக் கதை இது. அந்தக் கணக்கில் இருந்த பிழையை நீல்ஸ் போர் எடுத்துக்காட்ட, ஹைசன்பர்க் தன் கட்டுரையின் கடைசியில் ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டியிருந்தது. கதை மட்டும் நிலைத்துவிட்டது.

அதில் எனக்குள்ள குறை வேறு. எலக்ட்ரானிடம் துல்லியமான இடமும் துல்லியமான உந்தமும் முன்பே இருந்தன, நாம்தான் கெடுத்தோம் என்று அது நம்ப வைக்கிறது. அதே 1927இல் கென்னார்டு நிறுவிய σx·σp ≥ ħ/2 என்ற சமனின்மையில் ஒளியும் இல்லை, இடிப்பதும் இல்லை. அலைச்சார்பு ஒன்று இருந்தாலே போதும்.

உந்தவெளி அலைச்சார்பு என்பது தனியாக வந்த இன்னொரு பொருள் அல்ல. ψ(x)இன் ஃபூரியர் மாற்றம்தான்:

φ(p) = (1/√(2πħ)) ∫ ψ(x) e^(−ipx/ħ) dx

ψஐ உருவாக்க எந்தெந்த உந்தமுள்ள அலை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை φ சொல்கிறது. தனி அலை ஒவ்வொன்றும் முடிவில்லாமல் நீள்வது. அவற்றைக் கூட்டி ஓரிடத்தில் மட்டும் மேடு வர வேண்டுமானால், நடுவில் எல்லா அலைகளும் ஒத்துப்போக வேண்டும். d தூரம் தள்ளியதும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும். அதற்குள் அலைகளின் கட்டம் ஏறக்குறைய அரைச்சுற்றாவது விலகியிருக்க வேண்டும். அலை எண்களின் வேறுபாடு Δk என்றால், Δk·d சுமார் π ஆக வேண்டும். d குறையக் குறைய Δk ஏறித்தான் தீரும். குறுகிய பொதிக்கு அகன்ற கலவை வேண்டியிருப்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

மார்கழியில் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது காதால் தெரிந்த விஷயம். மிருதங்கத்தில் ‘நம்’ விழுந்தால் சுருதி நிற்கிறது. விரலை எடுக்காமல் அடிக்கும் மூடிய அடியில் ‘டப்’ என்ற ஓசைதான், சுருதி பிடிபடாது. (மிருதங்கத்தின் மேற்சுரங்கள் சுருதியோடு இசைவதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் எழுதினார்கள்.) 200 ஹெர்ட்ஸ் ஒலி 5 மில்லிநொடிதான் இருந்தது என்றால், கடந்துபோனது ஒரே ஒரு அலை. அதற்கு என்ன சுருதி சொல்வது?

ஆனால் “எல்லாம் வெறும் ஃபூரியர் கணக்கு” என்று முடித்துவிடுகிறவர்களோடும் நான் உடன்படுவதில்லை. கணக்கு தருவது σx·σk ≥ 1/2 மட்டுமே. அது மிருதங்கத்துக்கும் பொருந்தும், ரேடியோவுக்கும் பொருந்தும். அலை எண்ணை உந்தமாக்கும் p = ħk, டி பிராய் 1924இல் முன்வைத்த இயற்பியல். |φ|² என்பது அளந்தால் இந்த உந்தம் கிடைக்கும் நிகழ்தகவு என்பது போர்ன் தந்த விதி. இந்த இரண்டையும் எந்தக் கணிதத் தேற்றமும் தராது.

எண் வைத்துப் பார்ப்போம். எலக்ட்ரானை σx = 0.05 நானோமீட்டரில் அடைத்தால், σp குறைந்தது 1.05×10⁻²⁴ கி.கி.மீ/நொடி. வேகமாக மாற்றினால் நொடிக்குச் சுமார் 1,160 கிலோமீட்டர் விரிவு. இயக்க ஆற்றல் ஒரு திசைக்கு 3.8 எலக்ட்ரான்வோல்ட், மூன்று திசைக்கும் சேர்த்து 11.4. ஹைட்ரஜன் அணுவில் உண்மையில் இருப்பது 13.6. அளவில் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! பொதியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் இந்த ஆற்றல் நூறு மடங்காகும். எலக்ட்ரான் அணுக்கருவில் விழாமல் நிற்பது இந்தச் செலவால்தான். அங்கே யாரும் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நல்ல மாணவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பொதி அகன்றிருந்தால் உந்தம் குறுகியிருக்கும் என்று திருப்பிப் போட்டுவிடுவார்கள். விசையின்றி ஓடும் பொதி நேரம் போகப் போக அகலும். |φ|² துளியும் மாறாது. φஇன் கட்டம் மட்டுமே மாறுகிறது. ஆகவே அகன்ற பொதிக்கு அகன்ற உந்தமும் இருக்கலாம். சமனின்மை கீழெல்லையை மட்டும்தான் சொல்கிறது. |ψ|²இன் படத்தை மட்டும் பார்த்து உந்தத்தை ஊகிக்கிறவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

பத்து மதிப்பெண் கேள்வியாக இது வந்தால், நுண்ணோக்கிக் கதைக்கு இரண்டு போடுவேன். ஃபூரியர் மட்டும் எழுதினால் ஆறு. p = ħk எங்கிருந்து நுழைகிறது என்று காட்டினால்தான் பத்து.