கேட்டது சரி, குறித்தது எங்கே?

ஜெர்மனியில் செவிலியராக வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் எழுதும் கோதே பி1 தேர்வில், கேட்டல் பகுதி ஐந்து குட்டி ஒலிப்பதிவுகளோடு தொடங்குகிறது. ரயில் நிலைய ஒலிபெருக்கியின் அறிவிப்பு, வானொலியின் வானிலைச் செய்தி, யாரோ ஒருவர் தொலைபேசியில் விட்டுப்போன குரல் செய்தி என்று அவை அமையும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள்: முதலாவது சரியா தவறா என்று கேட்கும், இரண்டாவது மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை கேட்கலாம். பார்க்க எளிய பகுதிதான். ஆனால் நாளை மருத்துவமனையில் சேரும் பெண்ணின் அன்றாட வேலைக்கு மிக நெருக்கமாக இருப்பதும் இதுவே. அதனால்தான் இது எதைச் சரியாக அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மன் அமைப்புகளோடு, செவிலியர்களை அங்கே வேலைக்கு அனுப்பும் ‘ட்ரிபிள் வின்’ ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு பி1 என்ற சொல் பாலக்காட்டு மலைப்பக்கம் வரை பழகிவிட்டது. அட்டப்பாடியின் அகளியில் ஒரே கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் இருளர் பேச்சும் காதில் விழும். அங்கே வளர்கிற பெண்ணுக்குப் பல மொழிகளைக் கேட்டுப் பிரித்தறியும் பழக்கம் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. அந்தக் காது ஜெர்மன் மொழியில் எங்கே தடுக்கும் என்பது பயிற்சி வகுப்புகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

முதலில் இந்தப் பகுதியின் பலம். ஒலிப்பதிவில் வரும் சொற்களை வைத்தே தவறான விடைகளையும் கட்டுகிறார்கள். ஆறு மணி, காலை, வார்டு என்று காதில் விழுந்த சொல்லைத் தேடிப்பிடித்துக் குறிக்கிறவர் பெரும்பாலும் தவறான விடையில்தான் போய் நிற்பார். ஒலிபெருக்கி அறிவிப்பு என்றாலே திருத்தம்தான்: வழக்கமாக நான்காம் மேடையிலிருந்து புறப்படும் ரயில் இன்று ஏழாம் மேடையிலிருந்து போகும். முதலில் காதில் விழுவது பழைய செய்தி, கடைசியில் வருவதே நடப்பு. இந்த வேறுபாட்டைக் கேள்வியாக்கியிருப்பது நல்ல தேர்வு வடிவம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாட்டு உச்சரிப்புகளையும் கலந்து வைத்திருப்பதும் நியாயம்தான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எல்லோரும் பாடப்புத்தகக் குரலில் பேசப்போவதில்லை.

இப்போது ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். தேர்வுத்தாளிலிருந்து எடுத்ததல்ல, அதே அளவில் நானே எழுதியது. ஒரு செவிலியரின் தொலைபேசியில் வார்டுப் பொறுப்பாளர் விட்ட குரல் செய்தி:

“வணக்கம், மூன்றாம் வார்டிலிருந்து பேசுகிறேன். நாளைக்கு உங்களுக்குக் காலை ஆறு மணி டூட்டி போட்டிருந்தோம். மதிய டூட்டிக்கு வரவேண்டியவருக்கு உடம்பு சரியில்லை. அதனால் நாளை காலையில் வர வேண்டாம், மதியம் ‘ஹால்ப் ஸ்வை’க்கு வந்தால் போதும். வியாழக்கிழமை டூட்டியில் மாற்றமில்லை. முடியுமா முடியாதா என்று இன்று ஐந்து மணிக்குள் கூப்பிட்டுச் சொல்லுங்கள். என் உள் எண் ‘சீபன் உன்ட் ஃபியர்ட்ஸிஷ்’.”

கேள்வி ஒன்று: வியாழக்கிழமை டூட்டி மாறுகிறது, சரியா தவறா? கேள்வி இரண்டு: அந்தச் செவிலியர் இன்று என்ன செய்ய வேண்டும்? காலை ஆறு மணிக்கு வார்டுக்கு வர வேண்டும், ஐந்து மணிக்குள் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும், தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப வேண்டும் என மூன்று விடைகள். முதலாவதற்குத் ‘தவறு’, இரண்டாவதற்கு நடுவிலுள்ளது. கவனமாகக் கேட்ட பெண் இரண்டையும் சரியாகக் குறித்துவிடுவாள். முழு மதிப்பெண்.

ஆனால் அவள் தாளில் என்ன எழுதியிருப்பாள்? ‘ஹால்ப் ஸ்வை’ என்பதில் அரை, இரண்டு என்ற இரு சொற்கள் இருக்கின்றன. தமிழ்க் காதும் மலையாளக் காதும் அதை இரண்டரை என்று கூட்டிக்கொள்ளும். ஜெர்மன்காரர் சொன்னதோ இரண்டை நோக்கிப் பாதி வந்த நேரம், அதாவது ஒன்றரை மணி. நமக்கு அரை என்பது கடந்துபோன மணியோடு சேரும், அவர்களுக்கு வரப்போகும் மணியோடு சேரும். அடுத்தது அந்த உள் எண். ‘சீபன்’ என்று ஏழு முதலில் வருகிறது, நாற்பது பின்னால் வருகிறது. நாற்பத்தேழு என்று பத்தை முன்வைத்தே எண்ணிப் பழகிய கை, கேட்ட வரிசையில் எழுதினால் தாளில் 74 விழும். ஆக இரண்டு கேள்விக்கும் சரியாக விடையளித்த பெண் 74-க்குக் கூப்பிட்டு வேறு யாரிடமோ பேசுவாள், மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பாள்.

இந்தப் பகுதியின் பெரிய குறை இதுவே. விடை தாளில் ஏற்கனவே அச்சாகியிருக்கிறது. தேர்வர் செய்வது அடையாளம் காண்பது மட்டும்தான். வேலையிடத்தில் யாரும் மூன்று விடைகளை நீட்டுவதில்லை. வெறுந்தாளில் எதை எழுதுவது என்று முடிவெடுப்பதிலேயே பாதித் திறமை அடங்கியிருக்கிறது. பி1 கேட்டல் பகுதி முழுவதிலும் ஒரு எண்ணையோ நேரத்தையோ கையால் எழுதச் சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லை.

கணக்கும் இதையே காட்டுகிறது. கேட்டல் பகுதியில் மொத்தம் 30 கேள்விகள், தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, அதாவது 18 சரியாக இருக்க வேண்டும். 12 கேள்விகள் சரி-தவறு வகை. மீதி 18-இலும் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் முன்னதில் ஆறு, பின்னதில் ஆறு எனச் சராசரியாக 12 கிடைத்துவிடும். பத்துக் கேள்விகளுக்கு உண்மையாகவே விடை தெரிந்து, மற்ற இருபதையும் ஊகத்தில் குறிக்கிற ஒருவர் சராசரியாக 18-ஐத் தொட்டுவிடுகிறார். மூன்றில் ஒரு பங்கு புரிந்தாலே தேர்ச்சி எட்டும் தூரத்தில் இருக்கிறது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முதல் மாதமே வார்டில் தடுமாறுகிற பெண்ணை அவளுடைய உழைப்புக் குறைவு என்று குற்றம் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அளவுகோலே அவ்வளவு தளர்வாக இருக்கிறது.

இன்னொரு குறை, இந்தத் தொடக்கப் பகுதியில் எல்லாவற்றையும் இரண்டு முறை ஒலிக்கவிடுவது. இதே நிறுவனத்தின் தொடக்கநிலை ஏ1 தேர்வில் இந்த இடம் அழகாக அமைந்திருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி அறிவிப்புகள் ஒரே ஒரு முறைதான் வரும், தொலைபேசிச் செய்திகள் இரண்டு முறை. காரணத்தை யோசித்தால் புரியும்: குரல் செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம், ரயில் நிலையத்தில் அறிவிப்பவரை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க முடியாது. பி1-க்கு ஏறும்போது இந்த வேறுபாடு காணாமல் போய், இரண்டும் ஒரே பகுதியில் கலந்து இரண்டு முறை ஒலிக்கின்றன. ஏறவேண்டிய இடத்தில் ஒரு படி இறங்கியிருக்கிறார்கள்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் போகும் நம் செவிலியர் பலர் எழுதுகிற ஓஇடி தேர்வு 2018-இல் புது வடிவம் பெற்றது. அதன் கேட்டல் பகுதியிலும் மருத்துவமனைச் சிறு உரையாடல்கள் ஆறு உண்டு, மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்வதும் உண்டு. ஆனால் அதற்கு முன்பே, நோயாளிகளோடு நடக்கும் இரண்டு உரையாடல்களைக் கேட்டுக் குறிப்புத்தாளின் 24 வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். எல்லாம் ஒரே முறைதான் ஒலிக்கும். கேட்கும்போதே கை எழுதியாக வேண்டும். கடினம்தான், ஆனால் நேர்மையான கடினம்.

பி1 வடிவத்தை நாம் மாற்ற முடியாது. பயிற்சியை மாற்றலாம். இப்போதைய வழக்கம், கிடைக்கிற சில நொடிகளில் கேள்வியிலுள்ள முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடிட்டு, அவை காதில் விழும்வரை காத்திருப்பது. தேர்வு அறைக்கு அது ஓரளவு உதவும். வீட்டுப் பயிற்சியிலும் அதையே செய்தால் கேள்வி இல்லாமல் கேட்கவே வராது. வீட்டில் கேள்வித்தாளை மூடிவைத்து முதல் முறை வெறுந்தாளோடு கேட்க வேண்டும். யார் பேசுகிறார், எது மாறியது, எது மாறவில்லை, எப்போது, நான் என்ன செய்ய வேண்டும், எந்த எண்ணுக்கு என்ற வரிசையில் எழுத வேண்டும். பழைய நேரம் முதலில் வந்தால் அதையும் எழுதி, திருத்தம் வந்ததும் ஒரு கோட்டால் அடித்துவிடலாம். அடித்த எண் தாளில் தெரிவது நல்லது, எதிலிருந்து எதற்கு மாறியது என்று பிறகு குழப்பம் வராது. இரண்டிலக்க எண்ணுக்கு இடப்பக்கம் ஓர் இடம் விட்டு, முதலில் கேட்ட ஏழை வலப்பக்கம் எழுதி, பின் நான்கை முன்னால் போட வேண்டும். ‘ஹால்ப்’ காதில் விழுந்தால் அடுத்து வரும் மணியில் ஒன்றைக் குறைத்து 1.30 என்று எண்ணாலேயே எழுத வேண்டும். சொல்லாக எழுதி வைத்துக்கொண்டு பிறகு கணக்குப் போடலாம் என்றால் அது மறந்துபோகும்.

ஒரு விஷயத்தில் நம் காதுக்குச் சாதகம் உண்டு. ஜெர்மனில் வருகையை ஒப்புக்கொள்வதும் ரத்து செய்வதும் ஒரே வினையில் தொடங்கி, வாக்கியத்தின் கடைசி அசையில் பிரியும். ‘ட்ஸூ’ என்று முடிந்தால் சம்மதம், ‘அப்’ என்று முடிந்தால் ரத்து. நடுவே நாளும் நேரமும் இடமும் வந்துபோகும். வருகிறேனா வரவில்லையா என்பதை வாக்கியத்தின் முடிவில் கேட்டே பழகிய தமிழருக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. ஆசிரியர்கள் இதை எடுத்துச் சொன்னால் மாணவிகள் பாதியிலேயே விடையைக் குறித்துவிடும் அவசரம் குறையும்.

குறிப்பு சரியா என்று பார்க்க விடைத்தாள் போதாது. மருத்துவமனைகளில் தொலைபேசியில் வரும் மருந்து உத்தரவையும் பரிசோதனை முடிவையும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டி, மறுமுனையில் ‘சரி’ கேட்ட பிறகே நடவடிக்கை எடுப்பது உலகெங்கும் உள்ள பாதுகாப்பு நெறி. குரல் செய்தியிடம் திரும்பப் படிக்க முடியாது என்பதால், அகளியில் சேர்ந்து படிக்கும் தோழிகள் இதை மூன்று பேராகச் செய்யலாம். ஒருத்தி செய்தியை ஒலிக்கவிட வேண்டும், இரண்டாமவள் குறிப்பெழுத வேண்டும், ஒலிப்பதிவைக் கேட்காத மூன்றாமவள் அந்தத் தாளை மட்டும் பார்த்து எத்தனை மணிக்கு எங்கே போவாள், எந்த எண்ணை அழுத்துவாள் என்று சொல்ல வேண்டும். அவள் 74 என்றால் தவறு எந்த வரியில் நுழைந்தது என்று மூவருக்கும் அப்போதே தெரிந்துவிடும்.