பசுவும் காசும்: உடம்படுமெய்க் கண்டறி பாடத்தில் எதிர்ச்சான்றின் இடம்

‘மணியை, தீயை, மலையை’ என ஒரு நிரலும் ‘பலாவை, திருவை, பூவை’ என மற்றொரு நிரலும் தந்து உடம்படுமெய்யைக் கற்பிக்கும் பாடத்திட்டத்தில், இ, ஈ, ஐ ஈறுகளின்பின் யகரமும் பிற உயிர்களின்பின் வகரமும் தோன்றுவதாக மாணவர் தாமே கண்டுரைப்பர். எனினும் பொருந்தும் சான்றுகளை மட்டும் காட்டுவது, நூற்பாவுக்கு மாற்றாக அட்டவணையை மனனம் செய்விப்பதேயாகும். கண்ட விதியைச் சோதிக்க அங்கு இடமில்லை.

மூன்றாம் நிரலாகப் ‘பசு, காசு’ என்பனவற்றை வைக்கும்போதே சோதனை தொடங்குகிறது. இரண்டும் சுகர ஈற்றுச் சொற்கள். மாணவர் விதிப்படி ‘பசுவை’ அமைகிறது. ‘காசுவை’ அமையவில்லை, ‘காசை’ என்றே வருகிறது. ‘கொசு, பந்து, மரபு’ ஆகியவற்றையும் சேர்த்து நோக்கின், வல்லின மெய்யூர்ந்த உகரம் தனிக்குறிலை அடுத்து நிற்கையில் நிலைபெறுவதும் பிறவிடத்துக் கெடுவதும் புலப்படும். குற்றியலுகரம் என்னும் பெயரை ஆசிரியர் சொல்ல வேண்டிய தருணம் இதுவே.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. ‘அது’ என்பது தனிக்குறிலை அடுத்த உகரமாயினும் ‘அதை’ என்றாகிறது. முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும் என நன்னூல் இதற்கு இடமளிக்கிறது. இதனை மாணவர் கண்டறியுமாறு விடுதல் பயனற்றது. ஆசிரியர் நேரே கூறுதலே தகும். மதிப்பீட்டில், பாடத்தில் வாராத ‘முரசு, வடு’ ஆகியவற்றைத் தந்து, வடிவத்தோடு காரணத்தையும் கேட்டால், கண்டறிதல் நிகழ்ந்ததா என்பது தெளிவாகும்.