மலையிலிருந்து வயலுக்கு

ஒரு வார இறுதிக்கு இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) சனிக்கிழமை இரவுக்கும் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யை (2022) ஞாயிறு காலைக்கும் வைக்க வேண்டும் என்பேன். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: ஒரு மனிதனும் ஒரு துண்டு நிலமும். முதல் படத்தின் ரங்கசாமி, தமிழக கேரள எல்லை மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் கூலி. கொஞ்சம் நிலம் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டாம் படத்தின் மாயாண்டி, ஊரில் எல்லோரும் நிலத்தை விற்றுவிட்ட பிறகும் உழுதுகொண்டிருக்கும் கிழவர். அந்தப் படம் அழவைக்கிறது, இந்தப் படம் பெரும்பாலும் புன்னகைக்க வைக்கிறது. இப்படி மனநிலை மாறுபடும் இரண்டை அடுத்தடுத்துப் பார்க்கும்போது எது முதலில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மலையை முதலில் வைப்பதற்குக் காரணம் ஒரு மூட்டை. நிலம் வாங்கச் சேர்த்த காசைப் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டையைச் சுமந்து இறங்குகிறான் ரங்கசாமி. வழியில் அது தவறி, பாறையில் மோதிப் பிரிந்து, காய்கள் பள்ளத்தில் சிதறிப்போகின்றன. அதுவரை படம் ஏறக்குறைய நடையாகவே இருந்திருக்கிறது. யார் எங்கே மூச்சு வாங்க நிற்பார்கள், எந்தத் திருப்பத்தில் டீக்கடை என்பதெல்லாம் நமக்கும் பழகிவிட்டது. அதனால்தான் அந்த மூட்டை விழும்போது நம் தோளே வெறுமையாகிறது. நிலம் என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் உண்டு என்று உடம்பு தெரிந்துகொண்ட பிறகு மாயாண்டியைப் பார்த்தால், விலை பேச வருபவர்களை அவர் பொருட்படுத்தாமல் இருப்பது வெறும் கிழட்டுப் பிடிவாதமாகத் தெரியாது. வரிசையை மாற்றிப் பாருங்கள். மாயாண்டியின் அமைதி இயற்கையாகவே வாய்த்த ஒன்றாகிவிடும், ரங்கசாமியின் தோல்வி அவன் தலையெழுத்தாகச் சுருங்கிவிடும்.

மலைப்படத்தின் துக்கத்தை மறுநாள் காலைச் சிரிப்பு துடைத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மணிகண்டனின் சிரிப்பு ஆறுதலுக்கான சிரிப்பே இல்லை. குலதெய்வத் திருவிழாவுக்குப் புதுநெல் வேண்டும், அதை விளைவிக்க ஊரில் ஒரே ஆள்தான் மிச்சம் என்பதில் வேடிக்கை எவ்வளவோ, கலக்கமும் அவ்வளவு. யோகிபாபுவின் பாத்திரம் நிலத்தை விற்று யானை வாங்கியிருக்கிறது. அரங்கம் சிரிக்கிறது, ஆனால் அதுவும் ஒரு நிலம் போன கதைதான். நிஜ வாழ்விலும் விவசாயியான நல்லாண்டி, மாயாண்டியாக நடித்துமுடித்து, படம் வெளிவரும் முன்பே காலமானார் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த முகத்தை லேசாகப் பார்த்துவிட முடியாது. விஜய் சேதுபதி நடித்த ராமையாவின் பகுதிகள் வயலை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாயகன் அவர் இல்லை என்பதால் படம் தாங்கிக்கொள்கிறது.

இரண்டுமே மெதுவான படங்கள், சேர்ந்தால் அலுக்கும் என்பார்கள். ஒரே இரவில் பார்த்தால் அலுக்கும்தான். இடையில் ஒரு தூக்கம் வேண்டும் என்பது அதனால்தான். மற்றபடி இரண்டின் நிதானமும் வேறுவேறு: ஒன்று ஏறி இறங்குகிற ஆளின் நிதானம், மற்றது பயிர் பச்சை பிடிக்கும்வரை காத்திருப்பவரின் நிதானம்.

தேனிப்பக்கத்து மலையும் உசிலம்பட்டிப் பக்கத்து வயலும் இங்கே ரிஷிவந்தியத்தில் பார்ப்பவர்களுக்கு எதற்கு என்றும் கேட்கலாம். நெல்லும் கரும்பும் தெரிந்த இந்தச் சமவெளிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. அங்கே 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சி. உழுதவருக்கு உழுத மண் சொந்தமில்லை என்ற நிலையை ரங்கசாமியைப் பார்த்துத்தான் இந்த வட்டாரம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மலையும் வயலும் அடுத்தடுத்து இருக்கிற ஊரில் இந்த இரண்டு படங்களும் அண்டை வீட்டுக் கதைகள்.

கடைசியில் இந்த இரண்டையும் தைத்துவைப்பது காவல் என்ற ஒரு சொல். கடனிலும் சிறையிலும் நிலத்தைப் பறிகொடுத்த ரங்கசாமி, தனக்குச் சொந்தமாக இருந்த மண்ணில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாகிறான். கேமரா மேலே போகப் போக அவன் புள்ளியாகி, காற்றாலைகள்தான் கண்ணை நிறைக்கின்றன. சனி இரவு அதோடு முடியும். மறுநாள், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, கொன்றவராகக் குற்றம்சாட்டப்பட்டு மாயாண்டி சிறைக்குப் போகிறார். அவர் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லி ஒரு போலீஸ்காரருக்கு உத்தரவிடுகிறார் நீதிபதி. முந்தைய இரவின் காவலாளியை மறக்காதவர்களுக்கு, இந்தக் காவலர் வரப்பில் இறங்கும் காட்சி வெறும் நகைச்சுவையாக இருக்காது.