இசைக்கு முன் கேட்க வேண்டியது

கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீனவப் பெரியவரின் பேச்சைப் பதிவு செய்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த கடையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டினால், அவர் பேச்சுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கடலைச் சொல்லும்போது குரல் உயர்கிறது. இறந்துபோன அண்ணனைச் சொல்லும்போது முணுமுணுப்பாகிறது.

உடனே அந்த முணுமுணுப்பை ஏற்றத்தான் கை போகும். ஏற்றினால் ரீங்காரமும் கூடவே ஏறும். அதனால் ரீங்காரம்தான் முதலில்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் 50, 100, 150 என்று அடுக்காக வரும். அந்தந்த இடத்தில் மட்டும் நாட்ச் ஃபில்டரால் மெல்லியதாக வெட்ட வேண்டும். 100-ல் கவனம்: ஆண் குரலின் அடித்தளமும் அந்தப் பக்கம்தான். அகலமாக வெட்டினால் குரல் தகரமாகிவிடும்.

மிச்ச இரைச்சலுக்கு, அவர் பேசாதிருந்த 2 விநாடியை ஆடாசிட்டியின் Noise Reduction-க்கு மாதிரியாகக் கொடுத்து, 8 டெசிபல் மட்டும் குறைத்தேன். பிறகு Residue-வை வைத்து, கழிந்ததை மட்டும் கேட்டேன். அதில் அவர் சொல் ஒன்று கேட்டாலும் அதிகமாக அள்ளிவிட்டோம் என்று அர்த்தம்.

அதன் பிறகே வாக்கியம் வாக்கியமாகக் கையால் ஏற்றி இறக்கினேன். அண்ணனைப் பற்றிய இடத்தை 5 டெசிபல் ஏற்றினேன். முழுதும் சமமாக்க மனம் வரவில்லை. அந்தத் தாழ்வு அவருடையது.

பின்னணி இசையை முதலிலேயே போட்டிருந்தால் ரீங்காரம் அதற்குள் ஒளிந்திருக்கும். இசை நிற்கும் இடத்தில், அவர் மௌனமாகும் அந்த நொடியில், வெளியே வந்திருக்கும்.