கலாமின் இரண்டாவது விண்ணப்பம்

தேர்வு பயத்துக்குத் தன்னம்பிக்கை நூல்களே மருந்து என்று ஒவ்வொரு புத்தகக் கண்காட்சியிலும் யாராவது மேடையேறிச் சொல்லிவிடுகிறார்கள். அந்த அலமாரியின் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். அப்துற்-றஹீம் தொடங்கிவைத்தார், எம்.எஸ். உதயமூர்த்தி அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். இருவரும் எழுதியது வேலையும் முன்னேற்றமும் தேடிய இளைஞர்களுக்கு. பிளஸ் டூ மாணவனை அவர்கள் மனதில் வைத்திருக்கவில்லை. பிறகு வந்த கூட்டம் அவர்களை நீர்த்துப்போகும்வரை நகலெடுத்தது. 2018இல் பிரதமர் மோடியின் ‘எக்ஸாம் வாரியர்ஸ்’ 25 மந்திரங்களோடு வந்தது. தேர்வைத் திருவிழாவாகக் கொண்டாடச் சொல்லும் அந்த நூலில், தோற்றவனின் மறுநாள் காலைக்குப் போதிய இடமில்லை.

இந்த வரிசையில் ‘அக்னிச் சிறகுகள்’ மட்டும் வேறு ரகம். ஆனால் அதைத் தவறாகவே வாசித்துவருகிறோம். விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போன கலாம், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. மனமுடைந்து ரிஷிகேஷ் போனதையும் சுவாமி சிவானந்தர் தேற்றியதையும் பள்ளி ஆண்டுவிழாக்களில் தவறாமல் சொல்கிறார்கள். டேராடூனுக்கு முன்பே டெல்லியில் இன்னொரு நேர்காணலுக்கும் அவர் போய்வந்திருந்ததை யாரும் சொல்வதில்லை. ரிஷிகேஷிலிருந்து டெல்லி திரும்பியவர் கையில், பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்குநரகம் வேலைக்கான உத்தரவைக் கொடுத்தது. அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். சிவானந்தரின் சொல் அவரைத் தேற்றியது, இரண்டாவது விண்ணப்பம் அவருக்குச் சோறு போட்டது. ஒரே நுழைவுத்தேர்வை நம்பி இரண்டு வருடம் கோச்சிங்கில் கிடக்கும் பிள்ளைக்கு நான் படித்துக்காட்ட விரும்புவது இந்தப் பக்கங்களைத்தான்.

பயம் முற்றிவிட்ட பிள்ளைக்கு இதுவும் போதாது. அங்கே கைகொடுப்பது நாவல். அமெரிக்கரான நெட் விசினி 2006இல் எழுதிய ‘இட்ஸ் கைண்ட் ஆஃப் எ ஃபன்னி ஸ்டோரி’யில் வரும் கிரெய்க், நியூயார்க்கின் பெரிய பள்ளியொன்றில் சேர இரவும் பகலும் படித்து, நுழைவுத்தேர்வில் முழு மதிப்பெண் எடுக்கிறான். சேர்ந்த பிறகு எடுப்பதெல்லாம் 93. அதுவே அவனுக்குத் தோல்வி. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. செத்துவிடலாம் என்று தோன்றும் இரவில் உதவி எண்ணுக்கு போன் செய்கிறான். அவர்கள் சொன்னபடி நடந்தே மருத்துவமனைக்குப் போய்ச் சேருகிறான். அங்கே ஐந்து நாள். வெளியே வரும்போது அவன் யாரையும் ஜெயித்திருக்கவில்லை, பள்ளியை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறான், அவ்வளவுதான். விசினியும் அப்படி மருத்துவமனையில் இருந்தவர். அதனால்தான் யாரிடம் போவது, என்ன சொல்வது என்பதெல்லாம் அதில் துல்லியமாக இருக்கிறது. நம் வெற்றி நூல்களில் இந்தத் தகவல்கள் கிடையாது.

பதின்பருவத்தினருக்கு இப்படியொரு நாவலைத் தமிழில் எழுதச் சொல்லி நம் எழுத்தாளர்களைப் பதிப்பாளர்கள் கேட்க வேண்டும். அதுவரை, அச்சடிக்கும் ஒவ்வொரு தேர்வு வழிகாட்டியின் கடைசிப் பக்கத்திலும் 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களையாவது போடட்டும்.