பெயரை வெட்டும் புள்ளி

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு ரா. இராகவையங்காரும் அவருக்குப் பின் மு. இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்தார்கள். இருவரும் தமிழறிஞர்கள், இருவரும் ஒரே இதழோடு தொடர்புடையவர்கள், எழுதியதும் ஏறத்தாழ ஒரே காலம். நூலகத்தில் ஒருவருடைய நூலை மற்றவருடைய நூலிலிருந்து பிரித்தறிய நமக்குக் கிடைப்பது பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓரெழுத்துத்தான். பழைய இதழ்களையும் செய்தித்தாள்களையும் மின்னாக்கம் செய்து, அவற்றில் வரும் ஆட்பெயர்களை மென்பொருள் கொண்டு திரட்டும் வேலை இப்போது பரவலாக நடக்கிறது. அந்தக் கருவிகள் முதலில் தொலைப்பதும் இந்த எழுத்தையே. இது தற்செயலான பிழை அல்ல. வேலையை அவை செய்யும் வரிசையிலேயே பிழை இருக்கிறது.

பெரும்பாலான கருவிகள் மூன்று படிகளில் இயங்குகின்றன. முதலில் உரையை வாக்கியங்களாகப் பிரிக்கின்றன. பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் சொற்களாகத் துண்டாக்குகின்றன. கடைசியாக ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளம் இடுகின்றன: பெயரின் தொடக்கம் என்றால் B-PER, பெயரின் தொடர்ச்சி என்றால் I-PER, பெயரே இல்லை என்றால் O. பெயர் எது என்ற கேள்வி கடைசிப் படியில்தான் எழுகிறது. அதற்குள் புள்ளியைக் கண்ட இடத்திலெல்லாம் கத்தி விழுந்திருக்கும். மேலே உள்ள முதல் வாக்கியத்தை இந்த எளிய கட்டளையிடம் கொடுத்துப் பார்க்கலாம்:

```
re.split(r'(?<=\.)\s+', text)
```

புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் வெட்டு என்பது இதன் பொருள். விளைவாக மூன்று 'வாக்கியங்கள்' கிடைக்கும். முதலாவது "இதழுக்கு ரா." என்று முடியும். இரண்டாவது "இராகவையங்காரும் அவருக்குப் பின் மு." மூன்றாவது "இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்தார்கள்." அடுத்த படியில் பெயர் தேடும் நிரல் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், தனித்தனி வாக்கியங்களில் கிடக்கும் "ரா." என்பதையும் "இராகவையங்கார்" என்பதையும் அதனால் ஒட்ட முடியாது. அது இரண்டு முறை "இராகவையங்கார்" என்று கண்டெடுக்கும். பெயர்ப் பட்டியலில் ஒரே மனிதர் இரண்டு முறை குறிப்பிடப்பட்டதாகப் பதிவாகும். பட்டியலைப் பார்ப்பவருக்குப் பிழை நடந்ததற்கான தடயமே இருக்காது.

நல்ல கருவிகள் இவ்வளவு முரட்டுத்தனமாக வெட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிஸ், ஸ்ட்ரங்க் இருவரும் 2006இல் வெளியிட்ட பங்க்ட் என்ற முறை, எந்தச் சுருக்கங்களுக்குப் பின் புள்ளி வழக்கமாக வருகிறது என்பதைக் குறியிடப்படாத உரையிலிருந்தே கற்றுக்கொள்கிறது. பெயரின் இனிஷியலுக்கும் அதில் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் இனிஷியல் என்றால் என்ன என்று அந்தக் கருவி நினைப்பதுதான் சிக்கல். பைத்தானின் என்.எல்.டி.கே. தொகுப்பில் அதற்கான விதி இப்படி இருக்கிறது:

```
[^\W\d]\.$
```

ஓரெழுத்து, உடனே ஒரு புள்ளி. ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழில் "உ." இந்த வலையில் விழும், "மு." விழாது. நம் கண்ணுக்கு மு ஓரெழுத்து. கணினிக்கோ அது 'ம' என்ற எழுத்தும் 'ு' என்ற குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். உயிர்க்குறியைப் பைத்தானின் re நூலகம் எழுத்தாகவே எண்ணுவதில்லை. ஆகவே உ. வே. சா. என்ற பெயரிலேயே "உ." இனிஷியலாகத் தேறும், "வே." தேறாது. தமிழ் உரையை நிறையக் கொடுத்துப் பயிற்றினால் "மு.", "ரா." போன்றவற்றைச் சுருக்கங்களாக அது கற்றுக்கொள்ளக்கூடும். அப்போதும் இனிஷியலுக்கென்று வகுத்த தனிக் கவனிப்பு இவற்றுக்குக் கிடைக்காது. அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்க்கும் உதவியும் தமிழில் இல்லை.

விதியைத் தமிழுக்கேற்ப மாற்றலாம். ஓர் எழுத்து, விரும்பினால் ஓர் உயிர்க்குறி, பிறகு புள்ளி என்று எழுதினால் "மு.", "ரா.", "வே." எல்லாம் அகப்படும்:

```
(?<!\S)[\u0B85-\u0BB9][\u0BBE-\u0BCC]?\.
```

இதை ஒரு நாளிதழின் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் அடுத்த தொல்லை தெரியும். "கி. ராஜநாராயணன்" அகப்படும், "கி. பி. 1905"-உம் அகப்படும், "12 கி. மீ."-உம் அகப்படும், "ரூ. 500"-உம் அகப்படும். இன்னொரு பக்கம், "எஸ்.", "எம்.", "டபிள்யூ." ஆகியவை அகப்படாமல் தப்பும். இவை ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதியவை. ஒலியில் ஓரெழுத்து, எழுத்தில் பல. நல்ல வேளையாக ஆங்கில எழுத்துகள் 26 மட்டுமே. எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்து ஒரு சிறு பட்டியல் போட்டால் தீர்ந்துவிடும். ஆங்கில ஆவணங்களோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும்: "டி." என்பது T-யா D-யா என்று தமிழ் எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. "பி."யும் அப்படியே.

பட்டியலாலும் பிடிபடாத பெயர் ஒன்று உண்டு. திரு. வி. க. இங்கே "திரு" மரியாதைச் சொல் அல்ல, திருவாரூரின் சுருக்கம். வி என்பது தந்தை விருத்தாசலம், க என்பது கலியாணசுந்தரம். பெயரின் முன்னால் வரும் திரு, திருமதி, டாக்டர் போன்றவற்றை நீக்குவது பெயர் திரட்டும் கருவிகளில் சாதாரண வழக்கம். அந்த விதி "திரு. வி. கலியாணசுந்தரனார்" என்பதில் வேலை செய்தால் மிஞ்சுவது "வி. கலியாணசுந்தரனார்". பார்வைக்கு முழுமையான பெயர்தான். ஆனால் அப்படி யாரும் அவரைத் தேடப்போவதில்லை. இந்த வகைப் பிழைக்கு விதி எழுதிப் பயனில்லை. அறிந்த பெயர்களின் அகராதி ஒன்றே மருந்து. அகராதிமுறையைப் பழமையானதென்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு பெயரையாவது நினைத்துப்பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதால் இனிஷியல் வெறும் இடையூறு என்று தோன்றலாம். அது பெரிய துணையும்கூட. தமிழில் ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் அடிக்கடி ஒன்றாகவே இருக்கும்: சிதம்பரம், பழனி, திருப்பதி. "சிதம்பரம் வந்தார்" என்பதில் ஊருக்கு வந்தாரா, சிதம்பரம் என்பவர் வந்தாரா? முன்னால் "வ. உ." என்று இருந்துவிட்டால் ஐயமே இல்லை. வேறெந்தச் சான்றையும்விட வலுவாக இனிஷியல் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் பெயரோடு ஒட்டி வைக்காத கருவி, தன் கையில் இருந்த சிறந்த சான்றைத் தானே எறிகிறது. விலக்குகள் இல்லாமலில்லை. தி. நகர், மதுரைப் பக்கத்து டி. கல்லுப்பட்டி போன்றவற்றில் இனிஷியல் ஊருக்கு நிற்கிறது. ஆனால் அவற்றின் இறுதியில் நகர், பட்டி, புதூர் என்ற ஊர்ச்சொல் பெரும்பாலும் வந்துவிடுவதால் பிரித்தறிவது கடினமல்ல.

பல சொற்களால் ஆன பெயர்களில் கேள்வி வேறு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்பதில் பெயர் எங்கே தொடங்குகிறது? கருவி மூவலூரை இடமென்றும் இராமாமிர்தத்தை ஆளென்றும் பிரிக்கலாம். இரண்டும் பொய்யல்ல. ஆனாலும் ஒரு துண்டுக்கு ஓர் அடையாளமே இடலாம் என்ற கட்டுப்பாட்டில், மூவலூர் ஊராகவும் பெயரின் உறுப்பாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. கர்நாடக இசையுலகில் இது இன்னும் முற்றுகிறது. செம்மங்குடி சீனிவாச ஐயரை ரசிகர்கள் செம்மங்குடி என்றே சொல்வார்கள். "செம்மங்குடி பாடினார்" என்ற வாக்கியத்தில் இருப்பது ஊரா, ஆளா என்பதை வினைமுற்றைப் பார்த்தே முடிவு செய்ய முடியும். சுற்றியுள்ள சொற்களிலிருந்து கற்கும் இன்றைய நரம்பியல் வலைப் படிமங்களின் உண்மையான பலம் இங்கேதான். விதிகளும் அகராதியும் தோற்கும் இந்த இடத்தில் அவை சரியாகச் சொல்ல வாய்ப்புண்டு.

ஆனால் அந்தப் படிமங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் தரவு எங்கிருந்து வருகிறது? இந்திய மொழிகளுக்கான பெரிய தொகுப்புகளில் ஒன்றான 'நாமபதம்', இணை மொழிபெயர்ப்புகளில் ஆங்கிலப் பக்கத்தில் கண்ட பெயர்களை இந்திய மொழிப் பக்கத்தின் மேல் தானாகப் படியவைத்து உருவாக்கப்பட்டது. தமிழுக்கு இவ்வளவு பெரிய தரவு வேறு வழியில் விரைவில் கிடைத்திருக்காது. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும் ஆங்கிலப் பக்கத்தில் இனிஷியல் விடுபட்டால் தமிழ்ப் பக்கத்திலும் விடுபடும், பிறகு அதுவே சரியான விடையாகக் கற்பிக்கப்படும் என்பதை மறக்கலாகாது.

மதிப்பிடும் முறை இதை மேலும் மறைக்கிறது. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் 2003இல் நடந்த கோனெல் போட்டியிலும் பயன்பட்டு இன்றும் வழக்கத்தில் இருப்பது கறாரான அளவுகோல்: பெயரின் தொடக்கமும் முடிவும் இம்மி பிசகாமல் இருந்தால்தான் மதிப்பெண். அந்தப் போட்டியில் ஆங்கிலத்துக்கு முதலிடம் பெற்ற கருவி எடுத்தது நூற்றுக்குச் சுமார் 88.8. நம் இரு ஐயங்கார்களை வைத்தே இந்தக் கணக்கைப் போடலாம். ஒரு கருவி "ரா. இராகவையங்கார்" என்று ஒருவரைச் சரியாகச் சொல்லி, மற்றவரை அடியோடு விட்டுவிடுகிறது. சொன்னதில் பிழையில்லை, இருந்ததில் பாதி கிடைத்தது, ஆக எஃப்1 மதிப்பு 0.67. இன்னொரு கருவி முதல்வரைச் சரியாகவும், இரண்டாமவரை "இராகவையங்கார்" என்று இனிஷியல் இல்லாமலும் சொல்கிறது. அந்த அரைகுறை விடை தவறாகச் சொன்னதாக ஒருமுறையும், சரியானதைத் தவறவிட்டதாக ஒருமுறையும் எண்ணப்படும். மதிப்பு 0.5. வாயைத் திறக்காத கருவி முயன்ற கருவியை முந்துகிறது. இந்த எண்ணை உயர்த்துவதையே குறியாகக் கொண்டு பயிற்றினால், ஐயமுள்ள பெயர்களில் மௌனம் காக்கும் கருவிதான் உருவாகும். தமிழில் எல்லை ஐயமுள்ளவற்றுள் இனிஷியல் உள்ள பெயர்களும் அடங்கும்.

இதற்காகக் கறாரைக் கைவிடச் சொல்லவில்லை. பாதிப் பெயருக்கும் மதிப்பெண் உண்டு என்று தளர்த்தினால், ரா.வையும் மு.வையும் ஒருவராக்கும் கருவிக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். வேண்டியது இரண்டு எண்கள்: ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததா என்பதற்கு ஒன்று, பெயரின் எல்லையைச் சரியாகக் கண்டதா என்பதற்கு ஒன்று. இனிஷியல் உள்ள பெயர்களுக்கு இவை தனியாகவும் தரப்பட வேண்டும். மொத்தச் சராசரியில் இந்தப் பெயர்களின் தோல்வி கரைந்துவிடுகிறது.

வெட்டும் வரிசையையும் மாற்றலாம், அதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். "இருந்தார்கள்", "எழுதினார்", "வெளிவந்தது" போன்ற சொல்லுக்குப் பின் வரும் புள்ளியில் மட்டும் முதலில் வெட்டி, மற்றப் புள்ளிகளைத் தொடாமல் விட்டு, பெயர்களைக் கண்டபின் மிச்சத்தை முடிவு செய்யலாம். "அந்த நாவலை எழுதியவர் தி. ஜா." என்று பெயரில் முடியும் வாக்கியங்களில் ஒரே புள்ளி இனிஷியலுக்கும் வாக்கியத்துக்கும் சேர்த்து வேலை செய்வதால் இந்த முறை அங்கே அடுத்த வாக்கியத்தையும் ஒட்டிக்கொண்டே போகும். அப்படி ஒட்டிப்போன இரண்டு வாக்கியங்களைப் பின்னர் பிரித்துவிடலாம். முன்னதாகவே துண்டாகிப்போன பெயரை அடுத்த படிகள் எதுவும் ஒட்டுவதில்லை.