பழைய டிவிக்கு என்ன விலை?

தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குல டிவி பெற்ற வீடுகள் ஏராளம். அந்தப் பெட்டிக்குப் பிறகு மகனோ மகளோ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் பலர், தங்கள் கையால் பணம் எண்ணிக் கொடுத்து ஒரு டிவி வாங்கியதே இல்லை. மாற்றிக்கொள்ளப் பழைய டிவி கையில் இருக்கும். கடைக்குப் போய் வாங்கிய அனுபவம் மட்டும் இருக்காது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஷோரூம்கள் அச்சடிக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் நோட்டீஸ்களில் சில, இப்போது இவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பெரிய எழுத்து, எளிய தமிழ், கேள்வி பதில் வடிவம். நல்ல வழக்கம்தான். ஆனால் எதை எளிமையாகச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமலே விடுகிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் நுழைந்ததும் விற்பனையாளர் பேச ஆரம்பித்துவிடுவார். 4கே, கியூஎல்இடி, ஹெர்ட்ஸ் என்று அவர் அடுக்கும்போது எழுபது வயதுக்காரர் குறுக்கிட்டுக் கேட்கத் தயங்குவார். நோட்டீஸை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டலாம். இரண்டாவது, பழைய டிவியைக் கடைக்காரர்களே வந்து எடுத்துப்போவார்கள் என்ற உறுதி. 21 அங்குல டியூப் டிவி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாக வசிக்கும் ஒரு அம்மாவுக்கு அதை மாடியிலிருந்து இறக்கிக் கொடுப்பதே பெரிய உதவி. அந்த உதவிக்காகவே கடையைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் விலையில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். 32 அங்குல எல்இடி டிவி. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை 24,990 ரூபாய். நோட்டீஸில் மூன்று வரி: கடை விலை 15,990, உங்கள் பழைய டிவிக்கு 2,500, நீங்கள் கட்ட வேண்டியது 13,490. படிப்பவர் மனத்தில், ஓடாத தன் டிவி 2,500 ரூபாய்க்குப் போகிறது என்றுதான் பதியும். இப்போது கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என்னிடம் பழைய டிவி இல்லை, எவ்வளவுக்குத் தருவீர்கள்?’ 15,990 என்றால் அவர்கள் சொன்ன 2,500 உண்மை. டியூப் டிவிக்கு அது தாராளமான தொகையும்கூட. 13,990 என்றால் உங்கள் டிவியின் விலை 500தான். அதே 13,490க்கே தருகிறேன் என்றால், பழைய டிவியைச் சும்மா கொடுத்திருக்கிறீர்கள். பண்டிகை நாளில் கொஞ்சம் பேரம் பேசினால் இரண்டாவது, மூன்றாவது பதில் வருவது அபூர்வமல்ல. அப்போது எக்ஸ்சேஞ்ச் என்பது, எப்படியும் கிடைத்திருக்கும் தள்ளுபடிக்கு வைத்த இன்னொரு பெயர்.

ஆக, மாற்று இல்லாமல் என்ன விலை என்ற நான்காவது வரிதான் நோட்டீஸின் உயிர். அதைத்தான் அச்சிடுவதில்லை. அது கடைக்காரருக்குத் தெரியாத எண்ணும் அல்ல. ஜிஎஸ்டி விதிகளில் 27ஆவது விதி இதைப் பற்றியே பேசுகிறது. பழைய போனை வாங்கிக்கொண்டு புதிய போனை 20,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும், மாற்று இல்லாமல் அதன் விலை 24,000 என்றால் அந்த 24,000தான் சந்தை மதிப்பு என்று விதியிலேயே எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள். வரிக் கணக்குக்குத் தேவைப்படும் எண்ணை வாடிக்கையாளருக்கும் சொல்லலாம், அவ்வளவுதான்.

அடுத்தது அடிக்குறிப்பு. மேலே ‘எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்’ என்று கொட்டை எழுத்துத் தமிழ். கீழே நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு ஊர்ந்தது போல ஆங்கிலத்தில் நிபந்தனைகள். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் நிபந்தனை இருக்க வேண்டும் என்கின்றன. முதியவர்களுக்கென்றே எழுதிய நோட்டீஸில் இதை மீறுவது, மற்ற விளம்பரங்களில் மீறுவதைவிட மோசம் என்று நினைக்கிறேன். படிக்க முடியாதவர் யார் என்று தெரிந்துகொண்டே செய்வது அது.

அந்த நிபந்தனைகள் வேலை செய்யும் இடம் கடை அல்ல, வீட்டு வாசல். பணம் கட்டியாகிவிட்டது, புதிய டிவி வண்டியில் நிற்கிறது. கொண்டுவந்த பையன் பழையதைப் பார்த்துவிட்டு, ‘ஸ்டாண்ட் இல்லையே ஐயா, திரையில் கோடு விழுகுதே, ஆயிரம்தான் போடுவாங்க’ என்கிறான். அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பப் பெரும்பாலானவர்களுக்கு மனம் வராது, மீதியைக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு மருந்து எளிது. பழைய டிவியின் படத்தை, முன்புறமும் பின்புறமும், ஓடும்போது ஒன்றும், போனில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதைப் பார்த்துக் கடையிலேயே தொகையை முடிவு செய்து, பில்லில் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் அந்தத் தொகையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. வாக்கு மாறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அப்போது பேசுவதற்கு அந்த பில்தான் கையில் இருக்கும் ஆதாரம். இந்த நான்கைந்து வாக்கியங்கள் எந்த நோட்டீஸிலும் இடம்பெறாமல் போவது இடப் பற்றாக்குறையால் அல்ல.

எடுத்துப்போன டிவி என்ன ஆகிறது என்பதையும் நோட்டீஸ் சொல்வதில்லை. டியூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். செம்புக் கம்பிக்காக உடைக்கிறவர்கள் கண்ணாடியைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு வரி எழுதக்கூடிய கடை, பழைய இரும்புக் கடைக்காரரிடம் கிடைக்காத ஒன்றைத் தருகிறது. நேர்மையாகச் செய்கிற கடைகள்கூட ஏன் இதை விளம்பரப்படுத்துவதில்லை என்பது எனக்குப் புதிர்தான்.

முதல் முறை வாங்குபவரை அதிகம் திணறடிப்பது பணமல்ல, மறுநாள் காலை. பழைய டிவியோடு கேபிள் பெட்டியையும் அதன் ரிமோட்டையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டி பெரும்பாலும் கேபிள்காரருடையது. போனால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பெட்டி தப்பித்தாலும், அதிலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருக நேரடித் துளைகள் புதிய டிவிகள் பலவற்றில் இருப்பதில்லை. சின்னத் துளை ஒன்று இருக்கும், அதற்கு இணைப்பு ஒயர் தனியாக வேண்டும். ஸ்மார்ட் டிவியாக இருந்தால், போட்டதும் சன் டிவி வராது. படப்பட்டியல் ஒன்று வந்து நிற்கும். டிவியைப் போட்டதும் நேராகக் கேபிள் பெட்டிக்குப் போகும்படி அமைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. பொருத்த வருபவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம், கேட்டால்.

இதையெல்லாம் எழுத நோட்டீஸில் இடமில்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு சிரிக்கும் நடிகையின் படத்தை எடுத்துவிட்டால் நான்காவது வரியும், மூன்று ஒயர்களின் படமும், பில்லைப் பற்றிய எச்சரிக்கையும் தாராளமாக அடங்கும்.